நாலு வாரத்தில் எதுவும் நகரவில்லை: உங்கள் ப்ரோகிராமை ஏன் மாற்றினேன், இனி எப்படிச் செய்வது

அண்ணா, வணக்கம்.

சனிக்கிழமை ஜிம்மிலிருந்து கிளம்பும்போது பெல்ட்டைத் தொட்டுக் காட்டி, "ஒரு மாசமாச்சு, ஒரு ஓட்டை கூட உள்ளே போகலை" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள், ஆனால் அது புகார்தான் என்று எனக்குப் புரிந்தது. நின்றபடியே ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கலாம், "பொறுமையா இருங்க, ரிசல்ட் வரும்" என்று. அது சரியாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் நோட்டை எடுத்து செப்டம்பர் 1 முதல் 28 வரை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். பார்த்ததில் தெரிந்தது என்ன, அதில் என் தப்பு எவ்வளவு, இனி என்ன செய்யப்போகிறோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன். நீளமாக இருக்கும், டீ குடித்துக்கொண்டே படியுங்கள். பாதியில் நிறுத்தினால் புது ப்ரோகிராம் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று குழப்பம் வரும்.

முதலில் பார்த்தது: ப்ரோகிராம் தோற்றதா, நடக்கவே இல்லையா?

ரிசல்ட் வரவில்லை என்றால் உடனே எக்சர்சைஸை மாற்றுவது எங்கள் தொழிலில் இருக்கும் பெரிய கெட்ட பழக்கம். இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் வேறொன்று என்று கிளையண்டுக்குப் புதிதாக ஏதோ கிடைத்த மாதிரி இருக்கும், உண்மையில் எது ஏன் வேலை செய்யவில்லை என்று யாருக்குமே தெரியாது. அதனால் நான் முதலில் பார்த்தது நீங்கள் வந்த நாட்களை மட்டும்தான்.

நான் கொடுத்தது வாரம் 5 நாள். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் கால், வியாழன் தோள், வெள்ளி கையும் வயிறும். நாலு வாரத்துக்கு மொத்தம் 20 நாள். நீங்கள் வந்தது 11.

பாதிக்கு மேல் வந்திருக்கிறோமே என்று தோன்றும். ஆனால் எந்த நாள் வந்தீர்கள் என்று பிரித்துப் பார்த்தால் கதை வேறு. திங்கள் நாலும் வந்திருக்கிறீர்கள். செவ்வாய் மூன்று. வியாழன் இரண்டு. வெள்ளி ஒன்று. புதன் ஒன்றே ஒன்று, செப்டம்பர் 10. அதாவது ஒரு மாதத்தில் நெஞ்சுக்கு நாலு தடவை வேலை கொடுத்திருக்கிறோம், காலுக்கு ஒரே ஒரு தடவை. உடம்பிலேயே பெரிய தசைகள் இருக்கிற இடம் தொடையும் இடுப்பும், அதற்கு மாதத்துக்கு ஒரு நாள். கடைசி வாரம் அரையாண்டு க்ளோசிங், பேங்க்கில் உங்களை விட்டால்தானே வர முடியும், அந்த வாரம் திங்கள் மட்டும் வந்தீர்கள். உங்களுக்கு மறுபடியும் நெஞ்சு நாள்.

இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. புதன்கிழமை காலை உங்களுக்கு ரிவ்யூ மீட்டிங் வரும் என்று சேர்ந்த அன்றைக்கே சொன்னீர்கள். நான் கேட்டுக்கொண்டுவிட்டு அதே புதனில் கால் நாளைப் போட்டேன். கிழமைக்கு ஒரு பாகம் என்று பிரித்தால் ஒரு நாள் தவறும்போது அந்தப் பாகம் முழு வாரமும் பட்டினி. வாரம் 5 நாள் தவறாமல் வரக்கூடிய காலேஜ் பையனுக்கு அது பரவாயில்லை. 43 வயதில், காலை 8:45-க்கு வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டிய ஆளுக்கு அது ஒத்துவராது.

செப்டம்பர் 10: அந்த ஒரே கால் நாள்

இந்த ஒரு நாளைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கடுத்த இரண்டு லீவும் இதனால்தான் வந்தன. அன்றைக்கு ஸ்குவாட், லெக் பிரஸ், லெக் எக்ஸ்டென்ஷன், லெக் கர்ல், கெண்டைக்கால் என்று ஐந்து ஐட்டம், ஒவ்வொன்றும் நாலு செட். மொத்தம் 20 செட். வருஷக்கணக்காக உட்கார்ந்தே வேலை பார்த்த தொடைக்கு முதல் நாளே 20 செட். அடுத்த நாள் எனக்கு வந்த மெசேஜ் இன்னும் போனில் இருக்கிறது: "மாடிப்படி இறங்க முடியலை, பாத்ரூமில் உட்கார முடியலை." வியாழன் வரவில்லை, வெள்ளியும் வரவில்லை.

அந்த வலி காயம் இல்லை. பழக்கமில்லாத வேலை செய்த தசையில் ஒரு நாள் கழித்து ஆரம்பித்து இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்குகிற வலி. அதே வேலையை அடுத்த வாரமும் செய்தால் வலி பாதியாகக் குறையும், அதற்கடுத்த வாரம் இருப்பதே தெரியாது, தசை அவ்வளவு சீக்கிரம் பழகிக்கொள்ளும். ஆனால் அடுத்த புதன் நீங்கள் வரவில்லை, அதற்கடுத்த புதனும் இல்லை. பழகியது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். இடைவெளி நீள நீள, மறுபடி கால் நாள் வரும்போது வலியும் கூடும். முதல் நாளே அத்தனை செட் போட்டது முழுக்க என் தப்பு. எட்டு செட் போதுமாக இருந்திருக்கும்.

இரண்டாவது பார்த்தது: வந்த 11 நாளில் என்ன நடந்தது?

இங்கேதான் எனக்கே அதிர்ச்சி. திங்கட்கிழமைப் பக்கங்களை வரிசையாக வைத்தேன். டம்பெல் பெஞ்ச் பிரஸ், கைக்கு 12.5 கிலோ. செப்டம்பர் 1: 10, 10, 10, 10. செப்டம்பர் 8: 10, 10, 10, 10. 15-ஆம் தேதியும் அதே, 22-ஆம் தேதியும் அதே. நாலு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருக்கிறது.

புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு முதல் ஒன்றிரண்டு மாதம் எடை ஏறுவது சுலபம். அந்தக் காலத்தில் தசை பெரிதாக வளர்ந்துவிடாது, ஆனால் இருக்கிற தசையை ஒன்றாகச் சேர்த்து இயக்க நரம்புகள் கற்றுக்கொள்ளும், அந்தக் கற்றலிலேயே ரெப் கூடும். நாலு திங்கள் வந்தும் நெஞ்சில் ஒரு ரெப் கூட ஏறவில்லை என்றால் அதற்கு வயசையோ ஜீனையோ காரணம் சொல்ல முடியாது. செட் உங்களுக்குக் கடினமாகவே இல்லை என்றுதான் அர்த்தம்.

ஒவ்வொரு செட்டுக்குப் பக்கத்திலும் "இன்னும் எத்தனை முடியும்" என்று எழுதச் சொல்லியிருந்தேன். எல்லா இடத்திலும் 2 என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் சனிக்கிழமை உங்களை செஸ்ட் பிரஸ் மெஷினில் உட்காரவைத்து, நீங்கள் எப்போதும் போடுகிற அதே 30 கிலோவை வைத்து, நான் எண்ண மாட்டேன், நீங்களும் எண்ணாதீர்கள், தள்ள முடியாதவரை தள்ளுங்கள் என்றேன். பத்தாவதில் வழக்கம்போல நிறுத்தப் பார்த்தீர்கள். தொடருங்கள் என்றேன். பதினைந்தாவதில்தான் கை முதல் தடவையாக மெதுவானது. பத்தொன்பதாவதில் பாதி வழியில் நின்றது.

அதாவது பத்தில் நிறுத்தியபோது உங்களிடம் 2 இல்லை, 8 இருந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் அது களைப்பில்லாத முதல் செட். நாலாவது செட்டில் எட்டு மிச்சம் இருந்திருக்காது, நாலைந்தாவது இருந்திருக்கும். நீங்கள் பொய் எழுதவில்லை அண்ணா. முழுதாகத் தள்ளி ஒருநாளும் பார்க்காத எவருக்கும் எல்லை எங்கே என்று தெரியாது, எரிச்சல் வந்தவுடன் அதுதான் எல்லை என்று நினைத்துக்கொள்வோம். எரிச்சல் வேறு, முடியாமல் போவது வேறு.

இதிலும் என் பங்கு உண்டு. பட்டியலில் நான் "4 × 10" என்று எழுதினேன். பத்து என்று எழுதினால் நீங்கள் பத்துதான் செய்வீர்கள், பேங்க்காரர் வேறு, கணக்கு பிசகாது. பத்து சுலபமானால் என்ன செய்யவேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை.

மூன்றாவது: தராசும் டேப்பும்

எடை நாலு வாரமும் திங்கள் காலை எடுத்திருக்கிறீர்கள். 84.2, 84.6, 84.1, 84.5. திங்கட்கிழமைக்கு முன்னால் என்ன கிழமை என்று உங்களுக்கே தெரியும். ஞாயிறு மதியம் பிரியாணி, ராத்திரி பரோட்டா. உப்பும் மாவுச்சத்தும் கூடும்போது உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். மறுநாள் தராசில் ஒரு கிலோ ஏறி நிற்பது சாதாரணம், அது கொழுப்பு இல்லை. வாரத்திலேயே கனமான காலையைத் தேர்ந்தெடுத்து அன்றைக்கு மட்டும் தராசில் ஏறினால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆனால் தராசின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க நான் தயாராக இல்லை. இடுப்பு 99-லிருந்து 98.5 செ.மீ. அரை செ.மீ. என்பது டேப் பிடிக்கிற பிடியிலேயே வந்துவிடும். எடையும் குறையவில்லை, இடுப்பும் குறையவில்லை, அதுதான் நிஜம். சாப்பாட்டில் எதையும் மாற்றாமல் வாரம் மூன்று மணி நேர உடற்பயிற்சியால் மட்டும் தொப்பை கரையும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. அதைப்பற்றிக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

அப்போ, என்ன மாற்றினேன்

இரண்டு பெரிய மாற்றம், ஒரு சின்ன மாற்றம். இன்னும் பத்து மாற்றலாம், கை அரிக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் அடுத்த மாதம் இதே மாதிரி உட்கார்ந்து நோட்டைப் பார்க்கும்போது எது உதவியது என்று எனக்கே தெரியாது.

முதல் மாற்றம்: 5 நாள் 3 நாளாகிறது, ஒவ்வொரு நாளும் முழு உடம்பு. இரண்டு பட்டியல் மட்டும்.

ஏ நாள்:
- காப்லெட் ஸ்குவாட் (டம்பெல்லை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு), 15 கிலோவில் ஆரம்பம்
- டம்பெல் பெஞ்ச் பிரஸ், கைக்கு 12.5
- சீட்டட் ரோ, 30
- லெக் கர்ல், 20

பி நாள்:
- ரொமேனியன் டெட்லிஃப்ட், பாரோடு சேர்த்து 30
- ஷோல்டர் பிரஸ் மெஷின், 15
- லேட் புல்டவுன், 35
- லெக் பிரஸ், 60 (80 போட்டதை நான்தான் இறக்கினேன், ஒரு மாதம் கழித்து மறுபடி தொடுகிறீர்கள்)

ஒவ்வொன்றும் 3 செட், ரெப் 8 முதல் 12-க்குள். முன்பு திங்கட்கிழமை நெஞ்சுக்கு மட்டும் 16 செட் செய்தவருக்கு இப்போது ஒரு நாளைக்கு மொத்தமே 12 செட். ஏமாற்றுகிறானோ என்று தோன்றும். கடினமாகச் செய்த மூன்று செட் சும்மா ஆட்டிய எட்டு செட்டைவிட அதிகம் வேலை செய்யும், இரண்டு வாரத்தில் நீங்களே சொல்வீர்கள்.

ஒரு விஷயம் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வாரம் முழுவதும் செய்கிற மொத்த செட் ஒன்றுதான் என்றால் அதை ஒரே நாளில் செய்வதற்கும் மூன்று நாளாகப் பிரிப்பதற்கும் வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இருக்காது. முழு உடம்பு முறையில் மந்திரம் ஒன்றும் இல்லை. நான் அதைத் தேர்ந்தெடுத்த காரணம் ஒன்றே: ஒரு நாள் தவறினாலும் எந்தப் பாகமும் முழு வாரம் பட்டினி கிடக்காது.

கிழமையை மறந்துவிடுங்கள், வரிசையைப் பிடியுங்கள்

திங்கள், புதன், வெள்ளி என்று எழுதித் தரமாட்டேன். வரிசை மட்டும்தான்: ஏ, பி, ஏ, பி, ஏ, பி. கடைசியாக நோட்டில் ஏ இருந்தால் அடுத்து எந்தக் கிழமை வந்தாலும் பி. திங்கள் ஏ செய்தீர்கள், புதன் மீட்டிங், வியாழன் வந்தால் பி. வெள்ளி முடியவில்லை, சனிக்கிழமை வந்தால் ஏ. விட்டுப்போனதைச் சேர்த்துச் செய்ய வேண்டாம், ஒரே நாளில் இரண்டு பட்டியலும் வேண்டாம். இரண்டு வருகைக்கு நடுவில் ஒரு நாள் இடைவெளி இருந்தால் நல்லது, வேறு வழியில்லாமல் அடுத்தடுத்த நாள் வந்தாலும் திருப்பி அனுப்பமாட்டேன்.

ஆயுத பூஜை முடிந்து அக்டோபர் 6 திங்கள் ஆரம்பிக்கிறோம். 20-ஆம் தேதி தீபாவளி, அந்த வாரம் இரண்டு தடவை வந்தால் போதும். ஊருக்குப் போய்ப் பத்து நாள் இடைவெளி விழுந்துவிட்டால் திரும்பி வந்த அன்று எல்லா எடையையும் பத்து சதவீதம் அளவுக்கு இறக்கி ஆரம்பியுங்கள், ஒரே வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

ஒரு நாள் எப்படிப் போகும்

டிரெட்மில்லில் இருபது நிமிஷம் ஓடிவிட்டு எடை தூக்க வரும் பழக்கத்தை விடுங்கள். ஐந்து நிமிஷம் வேகமாக நடந்தால் போதும், மிச்ச ஆசை இருந்தால் கடைசியில். பிறகு முதல் ஐட்டத்துக்கு மட்டும் இரண்டு வார்ம் அப் செட்: காப்லெட் ஸ்குவாட் என்றால் எடை இல்லாமல் பத்து, 7.5 கிலோவோடு எட்டு. அதன்பின் நிஜமான செட். மற்ற ஐட்டத்துக்கு பாதி எடையில் ஒரு செட் போதும்.

செட்டுக்கு நடுவில் இரண்டு நிமிஷம் உட்காருங்கள். போனில் டைமர் வையுங்கள். இதுவரை நீங்கள் முப்பது நாற்பது செகண்டில் அடுத்த செட்டுக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள், வேர்த்துக் கொட்டியது, நன்றாகச் செய்கிற மாதிரி இருந்தது. மூச்சு திரும்பாமல் அடுத்த செட்டுக்குப் போனால் தசை களைப்பதற்கு முன்பே மூச்சு வாங்கி நிறுத்துவீர்கள். எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்து ஐம்பது நிமிஷம். ஆறேகாலுக்கு வந்தால் ஏழேகாலுக்குள் வீட்டில் இருக்கலாம்.

முதல் வாரம் மட்டும் ஒரு விதிவிலக்கு. ஒவ்வொன்றும் இரண்டே செட், நாலு ரெப் மிச்சம் வைத்தே நிறுத்த வேண்டும், "இதென்ன ஒன்றுமே இல்லை" என்று தோன்றினாலும். செப்டம்பர் 10 மறுபடி வேண்டாம்.

இரண்டாவது மாற்றம்: எடை எப்போது ஏறும்

இதுதான் முன்பு நான் எழுதாமல் விட்டது. விதி இது: மூன்று செட்டிலும் 12 ரெப் வந்துவிட்டால், அதுவும் கடைசி செட்டில் இரண்டு மிச்சம் வைத்து வந்தால், அடுத்த தடவை அந்த ஐட்டத்தில் அடுத்த எடைக்குப் போகிறீர்கள். அங்கே ரெப் 8, 9 என்று விழும். விழட்டும். அங்கிருந்து மறுபடி 12-ஐ நோக்கி ஏறுங்கள். எடை ஏறாத நாளில் ஒரு செட்டில் ஒரு ரெப் கூடினாலும் அது முன்னேற்றம்தான், நோட்டில் வட்டம் போடுங்கள்.

டம்பெல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஜிம்மில் 12.5-க்கு அடுத்தது 15 மட்டும்தான், நடுவில் எதுவும் இல்லை. 2.5 கிலோதானே என்று தோன்றும், ஆனால் 12.5-இல் அது ஐந்தில் ஒரு பங்கு, இருபது சதவீத ஏற்றம். லெக் பிரஸ்ஸில் 60-இலிருந்து 65 போவதோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிய தாவல் என்று தெரியும். அதனால் டம்பெல்லில் மட்டும் 12-இல் நிற்காமல் 14 வரை போய்விட்டுத் தாவுங்கள். பேப்பரில் இப்படி இருக்கும்:

- முதல் தடவை 12.5 கிலோ: 13, 12, 11
- அடுத்தது: 13, 13, 12
- அடுத்தது: 14, 13, 13
- அடுத்தது: 14, 14, 14
- அடுத்தது 15 கிலோ: 9, 8, 8

இதை அப்படியே எதிர்பார்க்காதீர்கள், நடுவில் ஒரு நாள் தூக்கம் கெட்டு 12, 11, 10 என்று இறங்கும். ஒரு நாள் இறங்கினால் கண்டுகொள்ளாதீர்கள். ஒரே ஐட்டத்தில் மூன்று தடவை தொடர்ந்து ஏறாமல் நின்றால் என்னிடம் சொல்லுங்கள்.

"இரண்டு மிச்சம்" என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது

முகத்தை வைத்தோ வேர்வையை வைத்தோ எரிச்சலை வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. வேகத்தைப் பாருங்கள். நீங்கள் எவ்வளவு வேகமாகத் தள்ள நினைத்தாலும் எடை தானாக மெதுவாகிற ரெப் ஒன்று வரும். சனிக்கிழமை உங்களுக்குப் பதினைந்தாவதில் வந்தது, நின்றது பத்தொன்பதில். அந்த முதல் மெதுவுக்குப் பிறகு உங்களுக்கு மூன்று நாலு ரெப் இருக்கிறது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெதுவானதும் இன்னும் ஒன்றோ இரண்டோ செய்துவிட்டு நிறுத்தினால் கிட்டத்தட்ட சரியான இடத்தில் நிற்பீர்கள்.

போனைப் பக்கவாட்டில் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துக் கடைசி செட்டை மட்டும் வீடியோ எடுங்கள். முதல் ரெப்பும் கடைசி ரெப்பும் ஒரே வேகத்தில் இருந்தால் நோட்டில் என்ன எழுதியிருந்தாலும் அது சுலபமான செட். அதே சமயம் கடைசி ரெப்பில் இடுப்பு பெஞ்சிலிருந்து எழும்பினாலோ, ரோவில் முதுகை ஊஞ்சல் மாதிரி ஆட்டினாலோ அந்த ரெப் கணக்கில் வராது, அதைக் கழித்துவிட்டு எழுதுங்கள்.

முழுதாகத் தள்ளிப்பார்ப்பது மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, மெஷினில் மட்டும், கடைசி செட்டில் மட்டும், நான் பக்கத்தில் இருக்கும்போது. ரொமேனியன் டெட்லிஃப்ட்டில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம், களைப்பில் கீழ்முதுகு வளையும். அதில் எப்போதும் மூன்று மிச்சம்.

மூட்டுக்குள் குத்துகிற வலி, ஒரே பக்கம் மட்டும் வருகிற வலி, செட் முடிந்தும் நிற்காத வலி, இதில் எது வந்தாலும் அந்த ஐட்டத்தை அன்றைக்கு விட்டுவிட்டு எனக்குச் சொல்லுங்கள். தொடை முழுக்கப் பரவலாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தொட்டால் வலிக்கிறது என்றால் அது பழைய கதை, வந்துவிடுங்கள்.

சின்ன மாற்றம்: தட்டில்

நான் டயட்டீஷியன் இல்லை, பெரிய பட்டியல் தரமாட்டேன். நீங்கள் மூன்று நாள் எழுதித் தந்ததைப் பார்த்தேன்: காலை நாலு இட்லி, மதியம் சோறு, கூட்டு, தயிர், சில நாள் ஒரு முட்டை, சாயங்காலம் பேக்கரியில் டீயும் பஃப்ஸும், ராத்திரி நாலு சப்பாத்தி குருமா. இதில் புரதம் சுமார் 50 கிராம்தான் தேறும். எடை தூக்குகிறவருக்குப் பொதுவாகச் சொல்கிற அளவு உடல் எடை கிலோவுக்கு 1.6 கிராம், உங்களுக்கு 134 வருகிறது. ஒரே மாதத்தில் அங்கே போகச் சொன்னால் இரண்டாம் வாரம் எல்லாவற்றையும் விட்டுவிடுவீர்கள். இப்போதைக்கு 80-க்குப் பக்கத்தில் வந்தால் போதும்.

எப்படி என்றால், காலையில் இரண்டு இட்லி, கூடவே மூன்று முட்டை. சாயங்காலம் பஃப்ஸுக்குப் பதிலாக ஒரு கை நிறையப் பொட்டுக்கடலையோ வறுத்த கடலையோ, டீ அப்படியே இருக்கட்டும், சர்க்கரை பாதி. வாரத்தில் ஒரு நாள் பஃப்ஸ் சாப்பிடுங்கள், கோயம்புத்தூரில் இருந்துகொண்டு பேக்கரியை முழுக்க விடச் சொல்வது பாவம். ராத்திரி சப்பாத்தி இரண்டு, குருமாவோடு 100 கிராம் பனீரோ சிக்கனோ. சப்பாத்தியைக் குறைக்காமல் பனீரை மட்டும் சேர்த்தால் மொத்தச் சாப்பாடுதான் கூடும், பெல்ட் எதிர்த்திசையில் போகும். சிறுநீரகத்துக்கு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றால் இந்தப் பகுதியை டாக்டரிடம் காட்டாமல் ஆரம்பிக்காதீர்கள்.

எடை பார்ப்பது: வாரத்தில் குறைந்தது நாலு காலை, பாத்ரூம் போய்விட்டு, எதுவும் குடிப்பதற்கு முன். தனித்தனி எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம், நாலையும் கூட்டி வகுத்து வாரத்துக்கு ஒரு எண் எழுதுங்கள், அந்த எண்களை மட்டும் ஒப்பிடுவோம். வாரம் 300 முதல் 500 கிராம் வரை இறங்கினால் நன்றாகப் போகிறது. இடுப்பு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, தொப்புள் மட்டத்தில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபிறகு. வயிற்றை எக்கினால் கண்டுபிடித்துவிடுவேன்.

அடுத்து எப்போது பார்ப்போம், எதை வைத்து

நவம்பர் 2 ஞாயிறு நோட்டைக் கொண்டுவாருங்கள். தீபாவளி வாரத்தையும் சேர்த்து நாலு வாரத்தில் 11 வருகை வரவேண்டும். அதில் 9 வந்திருந்து, வீடியோவில் செட் நிஜமாகவே கடினமாகத் தெரிந்து, அப்படியும் லெக் பிரஸ்ஸும் டம்பெல்லும் ஏறவில்லை என்றால் என் ப்ரோகிராம்தான் தப்பு, அப்போது செட்டைக் கூட்டுவதா தூக்கத்தைப் பார்ப்பதா என்று யோசிப்போம். (ஐந்தரை மணி நேரத் தூக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை இப்போது கிளறவில்லை, மறக்கவும் இல்லை.) எடைகள் ஏறி, இடுப்பு மட்டும் அப்படியே இருந்தால் ஜிம்மில் எதையும் தொடமாட்டேன், சாப்பாட்டில் மட்டும் அடுத்த மாற்றம். 9-க்குக் கீழே வந்தால் மூன்று நாளும் உங்களுக்கு அதிகம் என்று எடுத்துக்கொண்டு வாரம் இரண்டு நாளாக்குவேன், அதே ஏ, அதே பி. கோபித்துக்கொள்ளக் கூடாது.

பழைய பட்டியலை நோட்டிலிருந்து கிழிக்க வேண்டாம், மடித்து வையுங்கள், ஒப்பிட வேண்டியிருக்கும். திங்கள் ஆறேகாலுக்கு ஏ நாள். 15 கிலோ டம்பெல்லை நான் எடுத்து ஓரமாக வைத்திருக்கிறேன், காலையில் அந்தப் பசங்க கூட்டம் வந்தால் கிடைக்காது.